சேர ஒரு கையெழுத்து, விலக இரண்டு கையெழுத்து

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஓசூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். அங்கே ஒரு கம்பெனியில் வேலை. திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் சம்பளச் சீட்டைக் காட்டினான். பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் எல்லாம் வரிசையாகப் போய், கடைசியில் யூனியன் சந்தா நூறு ரூபாய் என்று ஒரு வரி.

"தாத்தா, நான் எந்த யூனியன்லயும் சேர்ந்ததா ஞாபகமே இல்ல. இத நிறுத்தச் சொல்ல முடியுமா? நிறுத்தினா வேலைக்கு ஏதாவது ஆகுமா?" என்றான்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது பொருத்தம்தான். கள்ளக்குறிச்சியில் பிறந்தவன் என்றாலும், சேலம் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் சம்பளப் பிரிவில் குப்பை கொட்டினவன் நான். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். இதில் வருகிற தப்பு பெரும்பாலும் என்னுடைய தப்பு.

அந்தக் காலத்தில் சந்தாப் பிடித்தம் எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கத்துச் செயலாளர் ஒரு கட்டுப் படிவம் கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். ஒவ்வொரு படிவத்திலும் தொழிலாளியின் பெயர், டோக்கன் நம்பர், எந்த டிபார்ட்மென்ட் என்ற விவரம் இருக்கும். கீழே, "என் மாதச் சம்பளத்தில் ஐந்து ரூபாய் பிடித்து இந்தச் சங்கத்துக்குச் செலுத்தச் சம்மதிக்கிறேன்" என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கும். நான் அவற்றை ஒரு பதிவேட்டில் ஏற்றுவேன். அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் அந்த ஐந்து ரூபாய் ஒரு பத்தியாக வந்துவிடும். ஏழாம் தேதி சம்பளம். பத்துப் பன்னிரண்டு தேதிக்குள் ஒவ்வொரு சங்கத்துக்கும் மொத்தத் தொகைக்கு ஒரு காசோலை, கூடவே பெயர்ப் பட்டியல்.

இதற்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததே பிற்பாடுதான். 1936ஆம் வருட ஊதியம் வழங்கல் சட்டம், சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இல்லாததைப் பிடிக்கக் கூடாது. சங்கச் சந்தா அதில் இல்லை. 1982இல் செய்த திருத்தத்தில்தான், பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்கு உறுப்பினர் கட்டணத்தைப் பிடிக்கலாம் என்று சேர்த்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: தொழிலாளி எழுத்து மூலம் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். அனுமதி தருகிறவர் தொழிலாளி. சங்கமோ முதலாளியோ தருகிற அனுமதி அல்ல. இந்த ஒரு வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. புரியவைத்தவர் ஒரு மலைக்காரர்.

கல்வராயன் மலையிலிருந்து நாலைந்து பேர் எங்கள் ஆலையில் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ரிங் ஸ்பின்னிங்கில் டாஃபர், அதாவது நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றிவிட்டுக் காலிக் கட்டைகளைச் செருகுகிற வேலை. வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் உள்ளே ஒரு சிற்றூர். அப்போது மலைக்குப் போவதென்றால் கச்சிராயபாளையம் வரை பஸ், அதற்கப்புறம் கிடைக்கிற வண்டி, கடைசியில் நடை. மாதம் ஒரு முறைதான் ஊருக்குப் போவார். அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கும் ஊருக்காரர் என்பதால் என்னிடம் கொஞ்சம் ஒட்டுதல்.

1993 பிப்ரவரியில் ஒரு நாள் ஒரு கடிதத்தோடு வந்தார். யாரையோ வைத்து எழுதி, கீழே தானே கையெழுத்துப் போட்டிருந்தார். இருக்கிற சங்கத்திலிருந்து விலகுகிறேன், இனிமேல் சந்தா பிடிக்க வேண்டாம் என்று மூன்று வரி. காரணம் கேட்டேன். அவருக்கு விரலில் அடிபட்டபோது லீவு விஷயமாகப் பேச யாரும் வரவில்லை என்றார். அது உண்மையா, சங்கத்துப் பக்கம் வேறு நியாயம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. விசாரிப்பது என் வேலையும் இல்லை.

அங்கேதான் நான் சறுக்கினேன். "செயலாளர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாப்பா. நிறுத்திடறேன்" என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்படிக் கேட்பதுதான் எங்கள் பிரிவில் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் செய்தேன். உள்ளூர ஒரு பயம். ஆளைக் குறைத்தால் அந்தச் சங்கத்துக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். நிர்வாகத்தோடு சேர்ந்துகொண்டு சங்கத்தை உடைக்கிறான் என்பார்கள். அவர்கள் கையெழுத்து இருந்தால் என் தலை தப்பும். சேரும்போது யாரிடமும் நான் இன்னொரு கையெழுத்துக் கேட்டதில்லை. விலகும்போது மட்டும் இரண்டு.

அவர் செயலாளரிடம் போனார். அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் என்று பதில். மறுமாதமும் அதேதான். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் ஐந்து ஐந்தாகப் பதினைந்து ரூபாய் பிடித்தேன்.

இதற்கு நடுவில் ஏப்ரலில் இன்னொரு சங்கம் ஒரு கட்டுப் படிவம் கொண்டுவந்து கொடுத்தது. ஆள் சேர்க்கிற வேகம். பதிவேட்டில் ஏற்றினேன். மே மாதச் சம்பளம் கொடுத்த மறுநாள் காலை, மலைக்காரர் என் ஜன்னலுக்கு வெளியே நின்றார். கையில் சம்பளச் சீட்டு.

"ஐயா, ரெண்டு அஞ்சு ரூபா போயிருக்குதுங்க."

பார்த்தேன். பழைய சங்கத்துக்கு ஒரு ஐந்து, புதுச் சங்கத்துக்கு ஒரு ஐந்து. "நீதானப்பா படிவம் கொடுத்திருக்க?" என்று கட்டை எடுத்துப் பிரித்தேன். அவர் பெயர், அவர் டோக்கன் நம்பர், கீழே ஒரு பெருவிரல் ரேகை.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நான் கை நாட்டு இல்லீங்களே" என்றார்.

பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்து இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சம்பளப் பட்டுவாடாப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு மாதமும் அவர் பெயருக்கு நேரே, கோணல்மாணலாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் போட்ட கையெழுத்து. அதற்கு முன்னால்தான் ரேகை. அறிவொளி இயக்கம் ஊர் ஊராக இரவு வகுப்பு நடத்திய காலம் அது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டாராம். அவர் கையெழுத்துப் போடுவதை மாதாமாதம் நேரில் பார்த்தவன் நான். படிவத்தில் ரேகையைப் பார்த்தபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் அடுத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்கப்பன் காலத்துல ஜாகீர்க்காரங்க கேக்காம வேலை வாங்கினாங்க. நீங்க கேக்காம காசு வாங்குறீங்க."

வாசிப்பவர்களில் இளையவர்கள் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரமடைந்து முப்பது வருடம் ஆகப்போகிற சமயத்தில்தான் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதுவரை மலை மக்கள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைக்க வேண்டியிருந்ததை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து ரூபாய் வெறும் ஐந்து ரூபாய் இல்லை.

அன்று மத்தியானமே லேபர் ஆபீசரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்போது மாதம் 1,600 ரூபாய்க்குக் கீழே வாங்குகிறவர்களுக்குத்தான் அந்தச் சட்டம். மலைக்காரர் சம்பளம் அதற்குள் வந்தது. தப்பாகப் பிடித்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் அதிகாரியிடம் மனுப் போடலாம். பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பதோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு கொடுக்கவும் அவர் உத்தரவிடலாம். இருபது ரூபாய்க்கு இருநூறு ரூபாய். "பணம் பெருசில்ல. 'எழுத்து மூலச் சம்மதம் எங்கே'ன்னு கேட்டா நீர் எதைக் காட்டுவீர்?" என்றார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து புதுச் சங்கத்தின் கட்டு முழுவதையும் பட்டுவாடாப் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். ரேகை வைத்த படிவங்களில் ஏழு பேர், பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். இரண்டு பேர், "ஆமா, அவசரத்துல ரேகை வச்சிட்டோம்" என்றார்கள். ஐந்து பேருக்கு விஷயமே தெரியாது. சங்கத் தலைவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். கணக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் யாரோ ஒரு தொண்டர் செய்த வேலை.

பிடித்த பணம் அதற்குள் சங்கங்களின் கைக்குப் போய்விட்டது. அடுத்த மாதக் காசோலையில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு தொழிலாளிக்குத் திருப்பினோம். புதுச் சங்கம் வாய் திறக்கவில்லை. பழைய சங்கத்துச் செயலாளர்தான் நேரே என் மேஜைக்கு வந்துவிட்டார்.

அவரைப் பற்றிக் குறைவாகச் சொல்ல எனக்கு மனசு வராது. நேர்மையான மனிதர். சங்க வேலைக்காக அவர் இழந்த ஷிப்டுகளுக்குக் கணக்கே இல்லை. அவர் கேட்டது இதுதான்: "ஏன்யா, போன வருஷம் லேபர் கமிஷனர் முன்னாடி ஒப்பந்தம் போட்டோம். கூலி ஒசந்துச்சு. அது சங்கத்துல இல்லாதவனுக்கும்தான் ஒசந்துச்சு. நாங்க மட்டும் சந்தா கட்டி, கேஸ் நடத்தி, பஸ்ஸுக்குச் செலவு பண்ணணும். அவங்க சும்மா உக்காந்து வாங்கிக்கணுமா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சமரச அதிகாரி முன்னிலையில் போடுகிற ஒப்பந்தம் ஆலையில் இருக்கிற எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், பலனும் எல்லாருக்கும் வரும் என்றது அப்போதைய தொழில் தகராறு சட்டம். இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பாமர் லாரி கம்பெனியில் அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒரு ஒப்பந்தம் போட்டது. அதன்படி கிடைக்கிற பாக்கித் தொகையில் 15 சதவீதத்தைச் சங்க நிதிக்காக, உறுப்பினர் அல்லாதவர்களிடமும் பிடிக்கலாம் என்று ஒரு ஷரத்து. சிறுபான்மைச் சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. 1980களின் நடுவில் வந்த தீர்ப்பு அந்தப் பிடித்தம் செல்லும் என்றது. பலன் வாங்கினவர்கள் அதற்காக ஒரு பங்கு கொடுப்பதில் தப்பில்லை என்பது அதன் சாரம். அமெரிக்காவில் 2018இல் ஜேனஸ் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பு வந்தது: அரசு ஊழியர் உறுப்பினராக இல்லாவிட்டால், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு காசுகூடப் பிடிக்கக் கூடாது.

ஆனால் பாமர் லாரியில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த ஒப்பந்தத்தின் வழியாக, ஒரே தடவை, வந்த பலனிலிருந்து பிடித்தது. எங்கள் ஆலையில் அப்படி ஷரத்து எதுவும் கிடையாது. மாதாமாதம் பிடிப்பது உறுப்பினர் சந்தா. ஒருவர் உறுப்பினர் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு அதைப் பிடிக்க என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. செயலாளரிடம் அதைத்தான் சொன்னேன். "அவரை உங்க சங்கத்துல வச்சிக்கிறதும் விடறதும் உங்க விதி. கமிட்டி கூடி முடிவு பண்ணுங்க. அவர் சம்பளத்துல கை வைக்க அவர் கையெழுத்துதான் எனக்கு வேணும்." கோபமாகத்தான் போனார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த மாதத்திலிருந்து முறையை மாற்றினோம். சேருகிற படிவம் கட்டாக வந்தாலும், பட்டுவாடாப் பதிவேட்டுக் கையெழுத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் ஏற்றுவது. விலகல் கடிதத்தைத் தொழிலாளி நேரில் கொடுத்தால் தேதி போட்டு ரசீது, அடுத்த சம்பளத்திலிருந்து நிறுத்தம், சங்கத்துக்குத் தகவல் மட்டும். ஒருவருக்கு இரண்டு சங்கம் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் இரண்டாவதைப் பிடிப்பதில்லை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். அதற்கு முன்னால் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் ஆலையில் மூன்றாவதாக ஒரு சின்னச் சங்கம் இருந்தது. அவர்கள் கடைசிவரை படிவமே கொடுக்கவில்லை. சம்பள நாளன்று கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கையாலேயே வசூலிப்பார்கள். ஏன் இந்தக் கஷ்டம் என்று ஒரு தடவை கேட்டேன். "பட்டியலைக் குடுத்தா, யார் யார் எங்க ஆளுன்னு நிர்வாகத்துக்கு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். வசூலுக்குப் போனாத்தான் ஆளு மூஞ்சியைப் பார்க்கலாம், குறையைக் கேக்கலாம்" என்றார் அவர்களுடைய பொருளாளர். சிரித்துக்கொண்டே போனேன். இப்போது யோசித்தால், சம்பளத்தில் பிடிப்பது வந்த பிறகுதான் மற்ற இரண்டு சங்கத்துக்காரர்களும் டிபார்ட்மென்டுக்குள் வருவது குறைந்தது என்று தோன்றுகிறது. மலைக்காரரின் விரல் விஷயத்தை யாரும் கேட்காமல் போனதுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

எந்தச் சங்கத்துக்கு ஆள் அதிகம் என்று நிர்ணயிக்கவும் இந்தப் பட்டியலைத்தான் பல இடங்களில் பார்த்தார்கள். மத்திய அரசு ஊழியர் சங்கங்களுக்கு 1993 விதிகளின்படி இன்றும் சம்பளப் பிடித்தம்தான் கணக்கு, குறைந்தது 35 சதவீதம் பேர் வேண்டும். எண்ணிக்கைதான் அங்கீகாரம் என்று ஆனால், படிவத்தில் ரேகை முளைக்கத்தானே செய்யும். 1995இல் இந்திய உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு வழிமுறைகளை வகுத்துக் கொடுத்தது. ரயில்வேயில் 2007இலிருந்து அப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டுப் பெட்டியில் போட்டதை யாரும் பட்டியல் எடுக்க முடியாது.

ஓசூர்ப் பையனுக்கு வருகிறேன். பழைய ஊதியச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. சங்கச் சந்தாவுக்குத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது அதிலும் அப்படியே இருக்கிறது. அதனால் அவனிடம், "முதல்ல நிறுத்தச் சொல்லாதே. நீ குடுத்த சம்மதப் படிவத்தோட நகலைக் கேளு" என்றேன். வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய இருபது காகிதத்தில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். அப்படியானால் அது அவன் கையெழுத்து, அவன் இஷ்டம்போல வைத்துக்கொள்ளலாம், எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். சேர்ந்ததற்காகவோ விலகியதற்காகவோ வேலையில் கை வைத்தால் அது நியாயமற்ற தொழில் நடவடிக்கை. படிவமே இல்லையென்றால் பிடித்ததைத் திருப்பிக் கேட்கலாம்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் செய்" என்றேன். "உறுப்பினர்னா சங்கத்தோட கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. நூறு ரூபா எங்க போவுதுன்னு போய்ப் பாரு. அரசியல் செலவுக்குன்னு தனி நிதி வச்சிருந்தா, அதுக்குக் கட்டமாட்டேன்னு சொல்லலாம். அதுக்காக உன்னைச் சங்கத்தை விட்டு ஒதுக்க முடியாது." தொழிற்சங்கச் சட்டம் 1926இலேயே இதைச் சொல்லியிருக்கிறது. நூறு வருடமாக இருக்கிற உரிமை. என் முப்பது வருடத்தில் கணக்கைப் பார்க்கப் போனதாக ஒரே ஒருவரைத்தான் கேள்விப்பட்டேன்.

அது மலைக்காரர்தான். 1995 என்று நினைவு. ஒரு நாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தூசி தலையோடு என் ஜன்னலுக்கு வந்தார். கையில் பழைய சங்கத்தின் படிவம். செயலாளரிடம் போய்க் கணக்கு நோட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னாராம். அவரும் மறுக்காமல், பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாராம். நான் பட்டுவாடாப் பதிவேட்டை எடுத்துக் கையெழுத்தை ஒப்பிட்டேன். அவர் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குப்பா."

"அப்ப ரசீது குடுங்க" என்றார்.

சேருவதற்கு நாங்கள் ரசீது கொடுக்கும் வழக்கம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.